எண்பது சதவீதம் வாங்கியவர் கணக்கில் நூறு சதவீதம்

திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் இருக்கிறது சங்கர் நகர் சிமெண்ட் ஆலை. 1949-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்த ஆலைதான் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் கைமாறியது. ஆதித்ய பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக் சிமெண்ட், நிறுவனர் குடும்பத்தார் தரப்பிடமிருந்து 32.72% பங்குகளை ஒரு பங்கு 390 ரூபாய் வீதம் வாங்கியது. முன்னரே வாங்கி வைத்திருந்ததையும் சேர்த்தால் அதன் கையில் 55.49% வந்தது. செபி விதிப்படி மற்றப் பங்குதாரர்களுக்கும் அதே விலையில் விற்க வாய்ப்புக் கொடுத்த பிறகு அது 81.49% ஆனது.

இப்போது ஒரு கேள்வி. அல்ட்ராடெக்கின் ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பில் சங்கர் நகர் ஆலையின் மதிப்பில் எவ்வளவு சேர்க்கப்படும்? கையில் உள்ள பங்கின் சதவீத அளவு மட்டும் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் முழு ஆலையும் சேரும். சூளை, சுண்ணாம்புக்கல் சுரங்கம், கிடங்கில் இருக்கும் கடைசி மூட்டை வரை எல்லாம் நூறு சதவீதமாகவே சேரும். வேடிக்கை அதோடு நிற்பதில்லை. அல்ட்ராடெக்கில் பாதிக்குச் சற்று மேல் பங்கு வைத்திருப்பது கிராசிம் நிறுவனம். அப்படியானால் கிராசிமின் ஒருங்கிணைந்த கணக்கிலும் அதே ஆலை முழுதாக இருக்கும். பெருக்கிப் பார்த்தால் சங்கர் நகரில் கிராசிமுக்கு உள்ள உண்மையான பங்கு பாதிக்கும் குறைவு.

காரணம், ஒருங்கிணைந்த கணக்கு முதலில் பார்ப்பது பங்கின் அளவை அல்ல, கட்டுப்பாட்டை. ஆலையை எப்படி நடத்துவது, யாரை நியமிப்பது, லாபத்தில் எவ்வளவு பிரித்துக்கொடுப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம்? அந்த அதிகாரத்தால் வரும் ஏற்ற இறக்கம் யாரைத் தொடும்? இரண்டுக்கும் பதில் ஒரே நிறுவனம் என்றால் அது தாய் நிறுவனம், மற்றது துணை நிறுவனம். இந்தியக் கணக்கியல் தரநிலை 110 சொல்வது இதைத்தான். 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 129(3) பிரிவு, துணை நிறுவனம் வைத்திருப்பவர்கள் தங்கள் தனிக் கணக்கோடு ஒருங்கிணைந்த கணக்கையும் தயாரிக்க வேண்டும் என்கிறது. கட்டுப்பாட்டை இரண்டாகப் பிரிக்க முடியாது. ஆகவே கட்டுப்படுத்தப்படும் சொத்தையும் பிரிக்காமல் முழுதாகக் காட்டுகிறார்கள். பிறருக்குச் சேர வேண்டிய பகுதி எதிர்ப்பக்கத்தில், பங்கு முதல் பகுதிக்குள் தனி வரியாக வருகிறது. முன்பு அதை மைனாரிட்டி இன்ட்ரஸ்ட் என்றார்கள். இப்போது கட்டுப்பாடில்லாப் பங்கு. ஆடிட்டர் அலுவலகங்களில் சுருக்கமாக என்.சி.ஐ.

உண்மையான நிறுவனங்களின் கணக்கில் நூற்றுக்கணக்கான வரிகள் குறுக்கிடும். அதனால் சி.ஏ. மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவரும் எச், எஸ் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எச் தாய் நிறுவனம், எஸ் துணை நிறுவனம். தொகைகள் நான் வைத்துக்கொண்டவை, எல்லாம் கோடி ரூபாயில்.

எஸ் நிறுவனத்தில் 10 கோடி பங்குகள் உள்ளன. பங்கு முதல் 100, சேர்த்து வைத்த லாபம் 250, வங்கிக் கடன் 150. மறுபக்கம் சொத்துகள் 500. கடன் போக நிகர மதிப்பு 350. எச் நிறுவனத்திடம் பங்கு முதல் 200, சேர்த்து வைத்த லாபம் 900, கடன் 500, சொத்துகள் 1,600. அதில் ரொக்கம் மட்டும் 600. 2023 ஏப்ரல் 1 அன்று எச், எஸ்ஸின் 8 கோடி பங்குகளைப் பங்கொன்று 60 ரூபாய்க்கு வாங்குகிறது. கொடுத்தது 480. கிடைத்தது 80%.

அன்று மாலை எச்சின் தனி இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்தால் பெரிய மாற்றம் இருக்காது. ரொக்கம் 480 குறைந்து, ‘துணை நிறுவனத்தில் முதலீடு’ என்று 480 ஏறியிருக்கும். ஒருங்கிணைந்த கணக்கு அந்த ஒற்றை வரியைத் திறந்து உள்ளே பார்க்கச் சொல்கிறது. 480 கொடுத்து வாங்கியதில் என்னென்ன இருக்கிறது?

முதல் வேலை, எஸ்ஸின் சொத்துகளையும் கடன்களையும் அன்றைய நியாய மதிப்புக்குக் கொண்டுவருவது. எஸ் தன் புத்தகத்தில் எழுதி வைத்த மதிப்பு இங்கே போதாது. பெரும்பாலும் சிக்கல் வருவது எஸ்ஸின் புத்தகத்திலேயே இல்லாத சொத்தில். எஸ்ஸின் பொருளுக்கு மாவட்டம் முழுக்கப் பேர் போன ஒரு பிராண்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எஸ் தானே உருவாக்கியதால் அதன் கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. தானே வளர்த்த பிராண்டைச் சொத்தாக எழுத விதியில் இடமில்லை. ஆனால் எச் காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. எச்சின் ஒருங்கிணைந்த கணக்கில் அது ஏறியே ஆக வேண்டும். மதிப்பீட்டாளர் அதற்கு 80 என்றும், பத்தாண்டுப் பயன் என்றும் சொல்கிறார்.

இந்த 80-க்கு ஒரு நிழலும் உண்டு. பிராண்டின் மதிப்பை அடுத்த பத்தாண்டுகளில் செலவாக எழுதும்போது, வருமான வரித் துறை அந்தச் செலவை ஏற்காது; அதன் கணக்கில் அந்த பிராண்ட் இல்லவே இல்லை. அதனால் வரி விகிதம் 25% என்று கொண்டால், 20-ஐ ஒத்திவைத்த வரிப் பொறுப்பாக உடனே எழுத வேண்டும். ஆக பிராண்டால் நிகர மதிப்பு ஏறுவது 60 மட்டுமே. எஸ்ஸின் நிகர மதிப்பு 350 அல்ல, 410. இந்த நிழலை மறப்பது நடைமுறையில் அடிக்கடி நடக்கும் பிழை. மறந்தால் குட்வில் தேவைக்கு மேல் குறைந்து தெரியும்.

அடுத்து என்.சி.ஐ. எஸ்ஸில் மீதி 20% வைத்திருப்பவர்கள் எங்கும் போகவில்லை. 410-ல் 20% அவர்களுடையது: 82.

இப்போது குட்வில். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் இதை நற்பெயர் என்கிறது. கொடுத்த விலை 480, அதோடு மற்றவர்களின் பங்கு 82, மொத்தம் 562. அதற்கு எதிரே அடையாளம் காட்ட முடிந்த நிகர சொத்து 410. மிச்சம் 152. அதுதான் குட்வில். அதை யாரும் நேரடியாக அளக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர்களின் திறமை, வியாபாரிகளோடு இருக்கும் பழக்கம், இரண்டு நிறுவனங்களும் சேர்ந்தால் மிச்சப்படும் லாரி வாடகை என்று அதற்குள் பல இருக்கலாம். எச்சின் தலைவர் ஏலத்தில் ஆசைப்பட்டுக் கூடுதலாகக் கொடுத்த தொகையும் அதற்குள்தான் இருக்கும். எது எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. வக்கீல் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம் போன்றவை மட்டும் நிச்சயம் அதில் இல்லை. அவை அந்த ஆண்டின் செலவு.

அன்றைய ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பு இப்படி நிற்கும். எச்சின் மற்ற சொத்துகள் 1,000, மிச்ச ரொக்கம் 120, எஸ்ஸின் சொத்துகள் 500, பிராண்ட் 80, குட்வில் 152, மொத்தம் 1,852. எதிரே கடன்கள் 650, ஒத்திவைத்த வரி 20, எச்சின் பங்குதாரர்களுக்கு உரியது 1,100, என்.சி.ஐ. 82. அதுவும் 1,852. எஸ்ஸின் பங்கு முதல் 100-ம் லாபம் 250-ம் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. எச்சின் 480 முதலீடும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு போய்விட்டன. விட்டுச்சென்றது குட்வில்லும் என்.சி.ஐ.யும்.

பழைய கணக்கியல் தரநிலை 21-ன்படி போட்டால் வேறு விடை வரும். சிறிய நிறுவனங்கள் இன்றும் அதன்படிதான் போடுகின்றன. அது புத்தக மதிப்பான 350-ஐ மட்டுமே பார்க்கும். அதில் 80% என்பது 280. கொடுத்த 480-ல் அதைக் கழித்தால் குட்வில் 200. மைனாரிட்டி 70. பிராண்ட் தனியாகத் தெரியாமல் குட்வில்லுக்குள் கரைந்துவிடும். புதிய முறை அதிக வேலை வாங்குகிறது என்று குறைபடுபவர்கள் உண்டு. ஆனால் வாங்கியது என்ன என்று ஓரளவாவது சொல்வது இதுதான் என்பது என் எண்ணம்.

புதிய முறையிலும் ஒரு தெரிவு இருக்கிறது. என்.சி.ஐ.யை நிகர சொத்தின் விகிதப்படி 82 என்று காட்டலாம். அல்லது அந்தப் பங்குகளின் நியாய மதிப்பில் காட்டலாம். ஒவ்வொரு கொள்முதலுக்கும் தனித்தனியாக இதை முடிவு செய்யலாம். எஸ்ஸின் பங்கு சந்தையில் 50 ரூபாய்க்குப் போகிறது என்போம். மீதி 2 கோடி பங்குகளின் மதிப்பு 100. எச் கொடுத்த 60 ரூபாயை இங்கே போட்டு 120 என்று எழுதக்கூடாது. அந்தக் கூடுதல் 10 ரூபாய் கட்டுப்பாட்டுக்காகக் கொடுத்தது. கட்டுப்பாடு இல்லாதவர்களின் பங்குக்கு அந்த விலை கிடைக்காது. என்.சி.ஐ. 100 என்றால் குட்வில் 480 + 100 − 410 = 170. முதல் முறையில் வந்த 152 எச்சின் பங்குக்கான குட்வில் மட்டும். 170 என்பது மற்றவர்களுக்குரிய 18-ஐயும் சேர்த்த முழுக் குட்வில். இரண்டும் சரியே. ஆகவே இரண்டு நிறுவனங்களின் குட்வில்லை ஒப்பிடுபவர், எந்த முறை என்று குறிப்புகளில் தேடிப் பார்த்துவிட்டு ஒப்பிடுவது நல்லது. நாம் இனி 152-ஓடு போவோம்.

ஓராண்டு போகிறது. 2024 மார்ச் 31. எச் தன் புத்தகத்தில் காட்டும் லாபம் 120. எஸ்ஸின் லாபம் 50. எஸ் ஈவுத்தொகையாக 10 கொடுத்தது. அதில் 8 எச்சுக்கு, 2 மற்றவர்களுக்கு. இடையில் எஸ், எச்சுக்குச் சரக்கு விற்றது. அடக்க விலை 24, விற்ற விலை 40. அதில் நாலில் ஒரு பங்கு இன்னும் எச்சின் கிடங்கில் கிடக்கிறது. சரக்குக்காக எச் தர வேண்டிய பாக்கி 15.

120-ம் 50-ம் சேர்ந்து 170 குழும லாபம் என்று எழுதினால் தவறு. இங்கிருந்துதான் ஒருங்கிணைப்பின் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. பக்கத்துப் பக்கத்துக் கடைகளை ஒருவரே வாங்கி நடுச்சுவரை இடித்துவிட்டால், ஒரு கடை மற்றக் கடைக்கு விற்றது வியாபாரம் ஆகுமா? அந்தக் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

எச்சின் 120-ல் எஸ் கொடுத்த ஈவுத்தொகை 8 இருக்கிறது. எஸ்ஸின் லாபத்தை முழுதாகச் சேர்க்கும்போது அந்த 8 இரண்டாம் முறை எண்ணப்படுகிறது. ஆக எச்சின் சொந்த லாபம் 112. பாக்கி 15-ம் அப்படித்தான்: ஒருவர் புத்தகத்தில் வரவேண்டியது, இன்னொருவர் புத்தகத்தில் தரவேண்டியது; இரண்டையும் அடிக்க வேண்டும்.

கிடங்கில் கிடக்கும் சரக்கு கொஞ்சம் நுணுக்கமானது. 40-க்கு விற்றதில் எஸ் பார்த்த லாபம் 16. நாலில் ஒரு பங்கு விற்கப்படாததால் 4 இன்னும் வெளியாரிடமிருந்து வரவில்லை. அந்த 4-ஐச் சரக்கின் மதிப்பிலிருந்து நீக்குகிறோம். அதற்கு எஸ் கட்டிய வரி 1, ஒத்திவைத்த வரிச் சொத்தாக நிற்கும். லாபத்தில் நிகரக் குறைவு 3. இது யார் தலையில் விழும்? விற்றது எஸ், லாபம் எழுதியதும் எஸ். ஆகவே எஸ்ஸின் லாபத்தில் கழித்து, மற்றவர்களும் தங்கள் 20%-ஐச் சுமக்கிறார்கள். எச் விற்று எஸ் வாங்கியிருந்தால் முழுச் சுமையும் எச் பங்குதாரர்களுடையது என்பதே வழக்கமான முறை. சரக்கு எந்தத் திசையில் போனது என்று கேட்காமல் என்.சி.ஐ.யைக் கணக்கிட முடியாது.

மிச்சமிருப்பது பிராண்ட். 80-ல் பத்தில் ஒரு பங்கு 8 இந்த ஆண்டின் செலவு. அதற்கேற்ப ஒத்திவைத்த வரியில் 2 கழிகிறது. நிகரச் செலவு 6. இது எஸ்ஸின் புத்தகத்தில் எங்கும் இருக்காது. ஒருங்கிணைக்கும் மேசையில் மட்டும் பிறக்கும் செலவு. அதனாலேயே இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் இது விடுபட்டுப்போவதுண்டு. முதல் ஆண்டில் மதிப்பீட்டு அறிக்கை மேசையில் இருக்கும். பிறகு ஆட்கள் மாறிவிடுவார்கள்.

எஸ்ஸின் லாபம் இப்போது 50 − 6 − 3 = 41. அதில் 20%, அதாவது 8.2 என்.சி.ஐ.க்கு. மீதி 32.8 எச்சின் பங்குதாரர்களுக்கு. அவர்கள் மொத்த லாபம் 112 + 32.8 = 144.8. என்.சி.ஐ.யின் இருப்பு 82-ல் 8.2 சேர்ந்து, வாங்கிக்கொண்ட ஈவுத்தொகை 2 கழிந்து 88.2 ஆகிறது. ஆண்டு முடிவில் இருப்புநிலைக் குறிப்பு:

| சொத்துகள் | கோடி ரூ. | பொறுப்பும் முதலும் | கோடி ரூ. |
|---|---|---|---|
| எச்சின் சொத்துகள் (முதலீடு நீங்கலாக) | 1,255 | எச் பங்குதாரர்களுக்கு உரியது | 1,244.8 |
| எஸ்ஸின் சொத்துகள் (எச் தர வேண்டிய 15 நீங்கலாக) | 525 | என்.சி.ஐ. | 88.2 |
| சரக்கில் நீக்கிய லாபம் | −4 | கடன்கள் (500 + 150) | 650 |
| பிராண்ட் | 72 | ஒத்திவைத்த வரிப் பொறுப்பு | 18 |
| குட்வில் | 152 | | |
| ஒத்திவைத்த வரிச் சொத்து | 1 | | |
| மொத்தம் | 2,001 | மொத்தம் | 2,001 |

இருபக்கமும் ஒத்துப்போவதாலேயே கணக்கு சரி என்று நினைத்துவிடக் கூடாது. ஒருங்கிணைப்பில் இரு பக்கமும் ஒரே அளவு தவறாக இருந்து ஒத்துப்போவது சாதாரணம். அதைவிட மோசமானது, ஒத்துப்போகாத வித்தியாசத்தைக் குட்வில்லில் தள்ளிவிடுவது. குட்வில்லே ஒரு மிச்சம்தான் என்பதால் அங்கே கொட்டினால் கண்ணுக்குத் தெரியாது என்ற நம்பிக்கை. கண்டுபிடிக்க வழி உண்டு. குட்வில், வாங்கிய நாளின் கணக்கு. அதன் பிறகு எஸ் லாபம் ஈட்டினாலும் நட்டப்பட்டாலும் ஈவுத்தொகை கொடுத்தாலும் அது அசையாது. மதிப்புக் குறைவு எழுதினாலோ, முதல் ஓராண்டுக்குள் வாங்கிய நாளின் மதிப்பீட்டைத் திருத்தினாலோ மட்டுமே மாறலாம். சும்மா 152 அடுத்த ஆண்டு 155 ஆகியிருந்தால், எஸ் பிறகு ஈட்டிய லாபத்தையும் வாங்கிய நாளின் லாபத்தையும் யாரோ குழப்பியிருக்கிறார்கள்.

என்.சி.ஐ.க்கு இன்னும் எளிய சோதனை இருக்கிறது. ஆண்டு முழுக்க நடந்ததை மறந்துவிட்டு, முடிவில் எஸ்ஸிடம் இருப்பதை மட்டும் பாருங்கள். எஸ்ஸின் புத்தகத்தில் நிகர மதிப்பு 350 + 50 − 10 = 390. பிராண்டின் மிச்சம் 72, அதன் வரி 18 போக 54 கூட்டினால் 444. சரக்கில் நீக்கிய 3 போனால் 441. அதில் 20% என்ன? 88.2. வேறு வழியில் வந்து அதே எண்ணில் நின்றால் நிம்மதி. பங்கு முதல் என்ற வரியில் எச்சின் 200 மட்டும் இருக்க வேண்டும். 300 இருந்தால் மேலே போய்ப் பார்க்கவே வேண்டாம்.

குட்வில் ஆண்டுதோறும் தேய்வதில்லை. அதற்குப் பதில் வருடத்துக்கு ஒரு முறையாவது சோதனைக்கு உட்படும். எஸ் இனி தரக்கூடிய வருமானத்தையும் சந்தை விலையையும் பார்த்து, எது அதிகமோ அந்த மதிப்பு நிர்ணயிக்கப்படுகிறது. அது 534 என்று வந்தது என்போம். கணக்கில் இருப்பது நிகர சொத்து 444, குட்வில் 152, மொத்தம் 596. ஆகவே குறைவு 62 என்று எழுதினால், தேர்ந்த கணக்கர்கூட விழும் குழியில் விழுந்துவிட்டோம்.

534 என்பது எஸ் முழுமைக்குமான மதிப்பு. 152 என்பதோ எச்சின் 80% பங்குக்கான குட்வில் மட்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முதலில் குட்வில்லை நூறு சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும்: 152 ÷ 0.8 = 190. இப்போது 444 + 190 = 634. குறைவு 100. அந்த 100-ல் 80% மட்டுமே எச்சின் கணக்கில் இருப்பதால் எழுத வேண்டியது 80. குட்வில் 72 ஆகிறது. நேரடியாகக் கழித்திருந்தால் 18 கோடி நட்டத்தை மறைத்திருப்போம். என்.சி.ஐ.யை நியாய மதிப்பில் காட்டியிருந்தால் இந்த உயர்த்தல் தேவையில்லை. 614-க்கும் 534-க்கும் உள்ள 80-ஐ 64, 16 என்று இரு தரப்பும் பிரித்துக்கொள்வார்கள். எப்படி எழுதினாலும் ஒரு விதி பொது: குட்வில்லில் எழுதிய நட்டத்தைப் பின்னால் எஸ் எவ்வளவு செழித்தாலும் திரும்பப் பெற முடியாது.

சோதனைக்குப் பயன்படும் 534, எதிர்கால வருமானத்தை நிர்வாகமே கணித்து, ஒரு தள்ளுபடி விகிதத்தால் இன்றைக்குக் கொண்டுவந்த எண். விகிதத்தை ஒரு புள்ளி குறைத்தால் நட்டமே காணாமல் போகலாம். ஆகவேதான் எந்த விகிதம், எத்தனை ஆண்டு, எவ்வளவு வளர்ச்சி என்று குறிப்புகளில் எழுதச் சொல்கிறார்கள். பெரிய குட்வில் உள்ள நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நான் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.

எச் பிறகு இன்னும் பங்கு வாங்கினால்? மதிப்புக் குறைவு எதுவும் எழுதாத நம் ஆண்டு முடிவு நிலையிலிருந்து, மற்றவர்களிடமிருந்து பாதியை, அதாவது எஸ்ஸின் 10%-ஐ, 60 கொடுத்து வாங்குகிறது என்போம். புதிய குட்வில் வராது. கட்டுப்பாடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. இப்போது நடப்பது பங்குதாரர்களுக்குள் கொடுக்கல் வாங்கல். என்.சி.ஐ.யில் பாதி 44.1 கழிகிறது. கூடுதலாகக் கொடுத்த 15.9 எச் பங்குதாரர்களின் சேமிப்பில் நேராகக் குறைகிறது. லாப நட்டக் கணக்கில் தலைகாட்டுவதில்லை. கட்டுப்பாட்டை விடாமல் கொஞ்சம் விற்றாலும் அதே கதை. எவ்வளவு நல்ல விலைக்கு விற்றாலும் லாபம் என்று எழுத முடியாது. பட்டியலிட்ட நிறுவனங்களில் பொதுமக்கள் கையில் 25% இருந்தாக வேண்டும் என்ற விதி இருப்பதால், இந்தியா சிமெண்ட்ஸ் போன்ற ஒரு துணை நிறுவனம் பட்டியலில் நீடிக்கும்வரை அதன் தாயின் கணக்கில் என்.சி.ஐ. என்ற வரியும் நீடிக்கும்.

பங்கு வாங்கும் எண்ணத்தோடு இந்தக் கணக்கைப் படிப்பவர் இரண்டு இடங்களில் சறுக்கக்கூடும். எச்சின் ஒரு பங்குக்கான புத்தக மதிப்பைப் பார்க்க 1,244.8-ஐத்தான் எடுக்க வேண்டும்; என்.சி.ஐ.யைக் கூட்டி 1,333 என்று எடுப்பது மற்றவர் பணத்தை நமதாக்கிக்கொள்வது. அதே போல லாபம் 153 அல்ல, 144.8. இன்னொன்று கடன். 650 கடன் குழுமத்தின் கடன் என்று காட்டினாலும், சட்டப்படி எச் கட்ட வேண்டியது 500 மட்டும். எஸ்ஸின் 150-க்கு எச் ஜாமீன் கொடுத்திருந்தால் ஒழிய எச்சிடம் கேட்க முடியாது. மறுபுறம், எச்சுக்குக் கடன் கொடுத்த வங்கி எஸ்ஸின் ஆலையைப் போய் ஏலம் விடவும் முடியாது. எஸ்ஸின் பெட்டியில் இருக்கும் ரொக்கத்தை எச் எடுத்துக்கொள்ள நேர்வழி ஈவுத்தொகை. ஒவ்வொரு முறை எச் 80 காசு எடுக்கும்போதும் 20 காசு வெளியாருக்குப் போகும். ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பில் அந்த ரொக்கம் முழுதாக, ஒரே வரியில், எச்சின் ரொக்கத்தோடு கலந்து இருக்கும்; பிரித்துப் பார்க்க வேண்டுமானால் எச்சின் தனிக் கணக்கைத் திறக்க வேண்டும்.